அன்றிரவு நம் வீட்டில் யாரும் குடிமக்களாகக் கண் விழிக்கவில்லை: என் பேத்திக்கும் கண்காட்சிக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

பேத்திக்கும், அவளோடு சுதந்திர தினக் கண்காட்சிக் குழுவில் இருக்கும் எல்லாருக்கும்,

"தாத்தா பேத்திக்கு எழுதும் கடிதம்" ஒன்று வேண்டும், 1957-ல் மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த இரவு நம் தோட்டத்தில் எப்படி இருந்தது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டது நீங்கள்தான். எழுதிக் கொடுத்தேன். போன வாரம் பலகைகளின் நகலை நீ போனில் அனுப்பினாய். என் கடிதத்தில் மிட்டாய் கொடுத்ததும் கொடி ஆட்டியதும் மட்டும் இருக்கின்றன. மற்றதெல்லாம் போய்விட்டது. அதற்கு மேலே பெரிய எழுத்தில் நான் எழுதாத ஒரு வரி வந்திருக்கிறது: "அன்றிரவு இந்தத் தோட்ட மக்கள் அனைவரும் புதிய நாட்டின் குடிமக்களாகக் கண் விழித்தார்கள்."

இடம் போதவில்லை என்று வெட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த வரியைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன். அது உண்மை இல்லை. நம் வீட்டிலேயே அன்றிரவு ஐந்து பேர் இருந்தோம். என் அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, நான், பிறந்து ஆறு மாதமான என் தங்கை. ஐந்து பேரில் ஒருவர்கூட மறுநாள் காலை குடிமகனாகக் கண் விழிக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்துவிட்ட அந்த இரவை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

1957 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. எனக்குப் பதினோரு வயது. நம் லயங்களைச் சுற்றி அப்போதும் முள்கம்பி வேலி இருந்தது. 1948-ல் நம் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார் மூன்று பேர் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது. அது அதிகாரபூர்வமாக முடிந்தது 1960 ஜூலை 31-ல். ஆக, சுதந்திரம் வந்தபோது நாங்கள் வேலிக்குள்தான் இருந்தோம். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டிலேயே நிறுத்திச் சோதிப்பார்கள். என் அம்மா சோற்றுத் தூக்கை வீட்டில் வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன காலம் அது. உங்கள் பலகையில் வேலியே இல்லை. லயத்தின் படம் ஒன்று போட்டிருக்கிறீர்கள், அது பிற்காலத்துப் படம்.

கோலாலம்பூரில் செலாங்கோர் கிளப் திடலில் நள்ளிரவில் கொடி இறக்கப் போகிறார்கள், அது ரேடியோவில் வரும் என்று தோட்டம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. ரேடியோ இருந்தது பெரிய கிராணி வீட்டில். மின்சாரமும் பங்களாவுக்கும் ஸ்டாஃப் வீடுகளுக்கும் மட்டும்தான், அதுவும் ஸ்டோர் எஞ்சின் ஓடும் வரைதான். வழக்கமாகப் பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள், அன்று ஓடவிட்டார்கள். கிராணி ரேடியோவை வராண்டாவுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நாங்கள் கீழே பெரட்டுக் களத்தில் பாய், சாக்கு எது கிடைத்ததோ அதை விரித்து உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அது உண்மைதான். பச்சை, ஆரஞ்சு நிறத்தில் சீனி தடவிய மிட்டாய்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது திடலில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். கிராணியும் எழுந்து வராண்டா பல்பை அணைத்தார். ரேடியோவின் முகப்பில் எண்களுக்குப் பின்னால் எரிகிற மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவருடைய வாட்ச் கண்ணாடி மின்னியதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். திரும்பிப் பார்த்தால் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குகள் எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தன. அங்கே அணைப்பதற்கு சுவிட்ச் ஏது? "நாடெங்கும் விளக்குகள் அணைந்தன" என்று பலகையில் எழுதியிருக்கிறீர்கள். நம் லயத்தில் அணையவில்லை, கண்ணு.

அப்புறம் வெள்ளைக்காரன் கொடி இறங்கியது, நம் கொடி ஏறியது, நெகாராகூ வாசித்தார்கள். இதில் நம் பேராக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி அனுபவம் உண்டு. அந்த மெட்டு எங்களுக்குப் புதிதில்லை. அது பேராக் மாநிலப் பாடலின் மெட்டு. அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில்தான் அதையே நாட்டுப் பாடலுக்கு எடுத்துக்கொண்டார்கள். சுல்தான் பிறந்தநாளுக்குப் பள்ளியில் நின்று கேட்ட மெட்டு நள்ளிரவில் ரேடியோவில் வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாத்தியார் எழுந்து நிற்கச் சொல்வதற்கு முன்பே எழுந்துவிட்டோம். இதையும் என் கடிதத்தில் எழுதியிருந்தேன். ஏன் எடுத்தீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. நம் ஊர்க் கண்காட்சியில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இது.

பிறகு திடலில் கூட்டம் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கியது. நம் களத்தில் யாரும் எண்ணவில்லை. தண்டல் ஓடிப்போய்ப் பெரட்டு மணியை அடித்தார். மணி என்றால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான். விடியற்காலை அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து உளியைத் தேடுகிறவர்கள் நாங்கள். அன்றைக்கு அதே சத்தத்துக்குச் சிரித்தோம், கத்தினோம். என் அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார், அதற்கான வயதை நான் தாண்டியிருந்தும். அவர் அழுததை அன்று ஒரு முறைதான் பார்த்தேன். ஆகவே மகிழ்ச்சி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அத்தனை மகிழ்ச்சி.

கூட்டம் கலைகிற நேரத்தில் பாட்டி அப்பாவிடம் கேட்டார்: "ஏம்ப்பா, இனிமே நாம யாரு?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. கிராணியிடம் கேட்டார். "அதுக்கெல்லாம் பாரம் வரும்" என்றார் கிராணி. இந்தக் கேள்வியும் பதிலும்தான் என் கடிதத்தின் நடுப்பகுதி. அதைத்தான் நீங்கள் முழுசாக வெட்டியிருக்கிறீர்கள்.

இனி அந்த "பாரம்", அதாவது மனுப் படிவம் பற்றி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஒரு குடும்பத்தை வைத்தே சொல்கிறேன்.

அந்த நள்ளிரவுக்கு முன்பு மலாயாவில் இருந்த சட்டம் 1952-ல் திருத்தப்பட்டது. அதன்படி நம்மைப் போன்றவர்கள் இந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் தானாகக் குடிமகன் ஆகிவிட முடியாது. பெற்றோரில் ஒருவராவது இங்கே பிறந்திருக்க வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் சிறு பிள்ளைகளாக ஊரிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அதனால் இதே பேராக்கில் பிறந்த நானும் தங்கையும் குடிமக்கள் இல்லை. புதிய அரசியலமைப்பு இதை மாற்றியது. 1957 ஆகஸ்ட் 31-லிருந்து இங்கே பிறக்கிற பிள்ளை, பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். 1962-ல் அதற்கும் ஒரு நிபந்தனை வந்தது, அது வேறு கதை. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே பிறந்துவிட்டவர்களை அந்த விதி தொடவில்லை. அவர்கள் மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

என் தம்பி 1959-ல் பிறந்தான். அவனுக்கு யாரும் எந்த மனுவும் போடவில்லை, எந்த வரிசையிலும் நிற்கவில்லை. அவனுக்கு இரண்டு வயது மூத்த என் தங்கை, அதே லயத்தில் அதே அறையில் பிறந்தவள், அப்பாவின் மனுவுக்காகக் காத்திருந்தாள். "அனைவரும்" என்று எழுதுவதற்கு முன் இந்த இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்பாவுக்கு என்ன விதி? வெளிநாட்டில் பிறந்து, மெர்டேக்கா நாளில் இங்கே குடியிருந்தவர். மனுப் போடுவதற்கு முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாய் ஓரளவு பேசத் தெரிந்திருக்க வேண்டும். நன்னடத்தை, இங்கேயே நிலையாக வாழும் எண்ணம், கடைசியில் விசுவாசப் பிரமாணம். கேட்பதற்குச் சுலபம். சிறு பிள்ளையிலிருந்து இங்கேயே இருக்கிற மனிதனுக்கு எட்டு ஆண்டு ஒரு பெரிய விஷயமா என்றுதான் தோன்றும்.

ஆனால் எட்டு ஆண்டு வாழ்ந்தால் போதாது, வாழ்ந்ததைத் தாளில் காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு இருக்கிற தாள் ஒன்றே ஒன்று, செக்ரோல். தினமும் பெரட்டில் பேர் கொடுப்பதை கிராணி பதிகிற புத்தகம். அது தொழிலாளியின் கையில் இருக்காது, ஆபீசில் இருக்கும். அப்பா நம் தோட்டத்துக்கு வந்தது 1951 ஜனவரியில். மனுப் போட்டது 1958 மே மாதம். நம் ஆபீஸ் செக்ரோல்படி ஏழு ஆண்டு நான்கு மாதம். எட்டு மாதம் குறைகிறது.

அதற்கு முன்பு அவர் இருந்த தோட்டத்தில் போய்க் கேட்கலாம் என்றால், அந்தத் தோட்டமே இல்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் தோட்டங்களை விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கிச் சிறு முதலாளிகளுக்கு விற்றார்கள். துண்டாடல் என்று அப்போதே பேசப்பட்டது. வேலை போனது, வீடு போனது என்று எல்லாரும் எழுதுவார்கள். புத்தகங்களும் போயின என்பதை யாரும் எழுதுவதில்லை. ஆபீஸ் இருந்த இடத்தில் யாரோ கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்பா வந்து சொன்னார்.

கடைசியில் கை கொடுத்தது என்ன தெரியுமா? ஐசி. அவசரகாலம் தொடங்கியதும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். காட்டில் இருப்பவனையும் தோட்டத்தில் இருப்பவனையும் பிரித்துப் பார்ப்பதற்குக் கொடுத்த அட்டை அது. அப்பாவின் அட்டையில் பழைய தோட்டத்தின் முகவரியும் 1949 என்ற ஆண்டும் இருந்தன. அதோடு அந்தத் தோட்டத்தில் கூட வேலை செய்த ஒருவர் வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஐசியில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, செக்ரோலில் இன்னொரு மாதிரி. எழுதிய கிராணிக்குக் காதில் விழுந்தபடிதானே பெயர்? இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டியிருந்தது.

அதிகாரி மலாயில் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை. எங்கே வேலை, எத்தனை பிள்ளை, என்ன சம்பளம். அப்பா சந்தையில் பழகிய மலாயில் சொல்லிவிட்டார். பிரமாணம் எடுத்தார், பதிந்தார்கள். கணவன் குடிமகன் ஆனதால் அம்மா பதிந்துகொள்ள உரிமை வந்தது. தகப்பன் குடிமகன் ஆனதால் 21 வயதுக்குக் கீழே இருந்த எனக்கும் தங்கைக்கும் அவர் மனுப் போட்டார். இப்படி ஒருவர் பின் ஒருவராகத்தான் நாங்கள் குடிமக்கள் ஆனோம். ஒவ்வொரு முறை டவுனுக்குப் போகும்போதும் அன்றைய சம்பளம் போகும். பால் வெட்டுக்குப் போகாதவருக்குப் பேர் இல்லை.

பாட்டிக்கு வருகிறேன்.

பாட்டிக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. மகன் குடிமகன் ஆனதால் தாய்க்கு எதுவும் வராது. சட்டம் கணவனிடமிருந்து மனைவிக்குப் போகும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும். பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் போகாது. அவர் தனியாகத்தான் மனுப் போட வேண்டும். ஆனால் சட்டத்தில் அவரைப் போன்றவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் மெர்டேக்காவிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால் மலாய் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1958 ஆகஸ்ட் முடிவதற்குள் போட்டிருந்தால் என் பாட்டி ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் குடிமகள் ஆகியிருப்பார்.

அவர் அப்போது பால் வெட்டுவதை விட்டுவிட்டு ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களெல்லாம் அவர் மடியில் கிடந்தவர்கள்தான். செக்ரோலில் அவர் பெயர் இல்லை. ஆபீஸ் கடிதத்துக்காக அப்பா கேட்டபோது, "வேலை செய்றவங்களுக்குத்தான் லெட்டர். கெழவிக்கு எதுக்கு சிட்டிசன்?" என்றார்கள். அந்த ஓராண்டுச் சலுகையைப் பற்றி ஆபீசில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது பற்றிய அறிவிப்பு ஒட்டியிருந்திருக்கலாம், ஆனால் நம் லயத்தில் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேறு வழியாக அப்பாவுக்கு விஷயம் தெரிய வந்தபோது கெடு முடிந்திருந்தது.

அதற்குப் பிறகும் பாட்டி போனார். அதிகாரி மலாயில் பெயர் கேட்டார், சொன்னார். எங்கே இருக்கிறாய் என்றார், தோட்டத்தின் பெயரைச் சொன்னார். மூன்றாவதாக ஏதோ கேட்டார், பாட்டிக்குப் புரியவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்குப் புரிந்தது. சொல்லக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். "இன்னொரு தடவை வா" என்றார் அதிகாரி. அவர் மரியாதையாகத்தான் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாட்டி இன்னொரு தடவை போகவில்லை.

1974-ல், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசியோடு பாட்டி இறந்தார். ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. ஓட்டு நாளில் எங்களுக்குக் காலையிலேயே தோசை சுட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

பாட்டிக்காவது வேலைக்குப் போக வேண்டிய தேவை இல்லை. பால் வெட்டிக்கொண்டிருந்த சிவப்பு ஐசிக்காரர்களுக்கு 1969-க்குப் பிறகு வந்ததுதான் பெரிய இடி. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்தினார்கள். நம் லயத்தில் எதிர் வரிசையில் இருந்த ஒரு குடும்பம் பினாங்குக்குப் போய் ரஜூலா கப்பலில் ஏறியது. அந்த வீட்டுப் பையனும் நானும் 1957-ல் அதே களத்தில் ஒரே சாக்கில் உட்கார்ந்து ரேடியோ கேட்டவர்கள். அவனுடைய அப்பாவுக்கும் ஓராண்டு, எட்டாண்டு எல்லாம் பொருந்தியது. ஆனால் கடிதம் கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கி, பார்த்தே இராத ஓர் ஊருக்குப் போனார்கள். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. உங்கள் பலகை இவர்களையும் "அனைவரும்" என்பதில் சேர்த்திருக்கிறது.

நீ போனில் சொன்ன காரணத்தையும் எடுத்துக்கொள்கிறேன். "கொண்டாட்டத்துல இதெல்லாம் வேண்டாமேன்னு குழுவுல முடிவு பண்ணிட்டாங்க தாத்தா, பிள்ளைங்க வந்து பாக்கப் போறாங்க" என்றாய். பிள்ளைகள் பார்க்கப் போகிறார்கள் என்பதால்தான் நான் கேட்கிறேன். நம் ஊரில் இன்னமும் சிவப்பு ஐசியோடு இருக்கிற முதியவர்களை உங்களுக்கே தெரியும். 60 வயதுக்கு மேற்பட்ட சிவப்பு ஐசி இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவதாக 2018-ல் அரசாங்கமே அறிவிக்க வேண்டியிருந்தது. சுதந்திரம் கிடைத்து அறுபது ஆண்டு கழித்து! அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் பலகையைப் படித்தால் என்ன நினைக்கும்? எல்லாரும் அன்றே குடிமக்கள் ஆகிவிட்டார்கள், நம் ஆயா மட்டும் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்றுதானே நினைக்கும்? என் பாட்டி ஒரு தப்பும் செய்யவில்லை.

இந்த நாட்டின்மேல் எனக்குக் குறை இருப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அரசியலமைப்பு முன்பிருந்த சட்டத்தைவிடப் பெரிய மனதோடுதான் எழுதப்பட்டது. என் தம்பி அதற்குச் சாட்சி. என் அப்பாவும் அதற்குச் சாட்சி. குறையெல்லாம் அந்தச் சட்டத்துக்கும் லயத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் மேசையில்தான். ஒரு கடிதம் கொடுத்தால் குடிமகன், கொடுக்காவிட்டால் அந்நியன் என்று எழுதப்படாத அதிகாரம் அந்த மேசைக்கு இருந்தது. தோட்டத்து வரலாறு எழுதுகிறவர்கள் அந்த மேசையை விட்டுவிட்டு எழுத முடியாது.

இப்போது என் கோரிக்கைகள். குழுவை மதித்துத்தான் கேட்கிறேன், ஆனால் எதையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதலாவதாக அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இப்படிப் போடுங்கள்: "அன்றிரவு நாடு விடுதலை பெற்றது. இந்தத் தோட்டத்தில் இருந்தவர்களில் பலர் அதற்குப் பிறகு மனுப் போட்டுக் குடிமக்கள் ஆனார்கள். சிலருக்குக் கடைசி வரை அது கிடைக்கவில்லை." வேறு நல்ல வார்த்தை இருந்தால் நீங்களே எழுதுங்கள், பொருள் மாறக் கூடாது.

பெரட்டுக் களத்துப் படத்துக்குப் பக்கத்தில் 14 கோடு போட்ட கொடியை வரைந்திருக்கிறீர்கள். அது 1963-ல் மலேசியா அமைந்தபோது வந்த கொடி. அன்றிரவு நாங்கள் கையில் வைத்திருந்த கொடிக்கு 11 கோடு, நட்சத்திரத்துக்கு 11 முனை. வாத்தியார் எங்களை உட்காரவைத்துக் கலர்த் தாளில் வெட்டி ஒட்டச் சொன்னார். முனை ஒன்று கூடிவிட்டால் கிழித்துவிட்டுத் திரும்ப வெட்டச் சொல்வார். அதைத் திருத்துங்கள்.

என் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் பாட்டியின் கேள்வியோடும் அப்பாவின் மனுவோடும் முழுசாகப் போடுங்கள். இடம் இல்லை என்றால் முழுசாக எடுத்துவிடுங்கள், என் பெயரையும் சேர்த்து. மிட்டாயும் கொடியும் மட்டும் இருக்கிற கடிதத்துக்குக் கீழே என் பெயர் இருக்கக் கூடாது.

அப்பாவின் 1949 ஐசி, அவருடைய குடியுரிமைச் சான்றிதழ், பாட்டியின் சிவப்பு ஐசி மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எண்களை மறைத்து நகல் எடுத்துக்கொள்ளலாம். மூன்றையும் பக்கம் பக்கமாக ஒரே பலகையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த ஆளுக்கு என்ன விதி பொருந்தியது, என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதுங்கள். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். இதே மாதிரி தாள் வைத்திருக்கிற வேறு குடும்பங்களையும் கேளுங்கள்.

கடைசியாக, கண்காட்சி நடக்கும் நாளில் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். தேசியப் பதிவிலாகாவின் பாரங்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார வேண்டும். உங்கள் குழுவிலேயே ஒரு வக்கீல் பிள்ளை இருக்கிறான். நம் ஊரில் சிவப்பு ஐசியோடு இருக்கிறவர்கள், பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர், எல்லாரும் வரட்டும். எந்தத் தாள் இருக்கிறது, எது குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கண்காட்சி முடிந்த பிறகும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யார் தொடர்ந்து பார்ப்பார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அந்த மேசையில் பழைய பெயர்க் குழப்பங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமானால் காலையிலிருந்து நான் உட்காருகிறேன்.

பலகைகள் அச்சுக்குப் போவதற்கு முன் குழுவின் பதில் எனக்கு எழுத்தில் வேண்டும். போனில் வேண்டாம், கண்ணு. நீ செயலாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டுக் கொடு.

உன் தாத்தா
சுங்கை சிப்புட், பேராக்